சிவப்புக் கட்டம் எதைக் காட்டுகிறது: வேலை நேரக் கண்காணிப்பு மென்பொருளும் அது தரும் பதற்றமும்

கேள்வி: நான் திருகோணமலையில வீட்டில இருந்து ஒரு ஆஸ்திரேலியக் கணக்காளர் நிறுவனத்துக்கு வங்கிக் கணக்கு இணக்கம் செய்யிறன். மூன்று மாசத்துக்கு முதல் ஒரு ட்ராக்கர் போடச் சொன்னவை. 60 வீதத்துக்குக் கீழ போனா சிவப்பு வரும், அடுத்த நாள் மேலாளர் மெசேஜ் போடுவார். பாத்ரூம் போகவே பயமா இருக்கு. படுத்தாலும் அந்த நம்பர்தான் கண்ணுக்குள்ள நிக்குது. கோபமும் வருது, வேலையை விடவும் ஏலாது. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் அந்த 60 எப்படி வருகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். உங்கள் பயத்தில் பெரும்பகுதி, அந்த எண் உங்கள் உழைப்பை அளக்கிறது என்ற எண்ணத்தில் இருந்து வருகிறது. அது அளப்பது உங்கள் கை அசைவை மட்டுமே.

இவ்வகை மென்பொருள்களில் பரவலாகப் புழங்கும் ஹப்ஸ்டாஃபை எடுத்துக்கொள்வோம். அது வேலை நேரத்தைப் பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒரு துண்டில் 600 வினாடிகள். ஒவ்வொரு வினாடியிலும் கீபோட்டில் ஏதாவது விசை அழுந்தியதா, மவுஸ் அசைந்ததா என்று பார்க்கும். அப்படி 360 வினாடிகள் கிடைத்தால் 60 வீதம். ஒரே வினாடியில் ஒரு விசையை அழுத்தினாலும் ஐந்து விசையை அழுத்தினாலும் கணக்கு ஒன்றுதான். என்ன எழுத்தை அடித்தீர்கள் என்பதை அது பதிவதில்லை. சுயாதீன வேலைகள் பெறும் அப்வொர்க் தளத்தின் ட்ராக்கர் இன்னொரு விதம்: அதே பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடங்களில் அசைவு இருந்தது என்று பார்த்து பத்துக்கு இத்தனை என்று கோடுகள் போடும். நிமிடத்துக்கு ஒரு தடவை மவுஸைச் சொடுக்கினாலே அங்கே பத்துக்குப் பத்து. அதே வேலைக்கு வினாடிக் கணக்கில் 10 வீதம்கூட வராது. ஒரே ஆள், ஒரே வேலை, இரண்டு மென்பொருளில் இரண்டு தீர்ப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் வேலைக்கு வருவோம்.

வங்கி இணக்கத்தில் இரண்டு வகை வேலை கலந்திருக்கிறது. ஒன்று, இன்வொயிஸ் பதிவது, வங்கிக் கூற்றின் வரிகளைப் பேரேட்டு வரிகளோடு பொருத்துவது. கை ஓடிக்கொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் 20 இன்வொயிஸ் பதிந்தால் ஒன்றுக்கு 30 வினாடி. அதில் 22 வினாடி கை விசையிலோ மவுஸிலோ இருந்தால் மொத்தம் 440 வினாடி, அதாவது 73 வீதம். பச்சை.

மற்றது, பொருந்தாத ஒரு தொகையைத் தேடுவது. கூற்றுக்கும் காசேட்டுக்கும் 270 டொலர் வித்தியாசம் வருகிறது என்று வையுங்கள். அனுபவமுள்ளவர் உடனே 9ஆல் வகுத்துப் பார்ப்பார். இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் 9ஆல் மீதியின்றி வகுபடும். இங்கே மீதியின்றி 30 வருகிறது. அப்படியானால் இரண்டு இலக்கங்கள் இடம் மாறிப் பதியப்பட்டிருக்கலாம் என்று சந்தேகிப்பார். பிறகு கண்ணால் கூற்றை மேலிருந்து கீழாகப் பார்த்து வருவார். 853 என்று இருக்க வேண்டியது 583 என்று பதியப்பட்டிருப்பதைப் பிடிப்பார். இதற்கு எட்டு நிமிடம் போகலாம். அந்த எட்டு நிமிடத்தில் கை செய்வது இடைக்கிடை பக்கத்தை உருட்டுவது மட்டும்தான். முழுப் பத்து நிமிடத்திலும் 96 வினாடி அசைவு என்றால் 16 வீதம். கடுஞ்சிவப்பு. மேசையில் வைத்துத் தட்டும் சாதாரண கல்குலேட்டரில் அந்த வகுத்தலைச் செய்திருந்தால் அதுவும் பூச்சியம்தான், திரையில் உள்ள கல்குலேட்டர் மட்டுமே கணக்கில் வரும். வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேசிய நேரமும் பூச்சியம். தாளில் எழுதிப் பார்த்ததும் பூச்சியம்.

இப்போது ஒரு முழு நாளைப் போடுவோம். எட்டு மணி நேரத்தில் 48 துண்டுகள். அதில் 34 துண்டுகள் பதிவு வேலை, தலா 73 வீதம். மீதி 14 துண்டுகள் தேடல் வேலை, தலா 16 வீதம். கூட்டி 48ஆல் வகுத்தால் 56 வீதம். நீங்கள் ஒரு நிமிடமும் வீணாக்கவில்லை, பிழையைப் பிடித்தும் விட்டீர்கள், நாள் சிவப்பில் முடிகிறது. பிழையைத் தேடாமல் அந்த 270 டொலரை ‘தற்காலிகக் கணக்கு’ ஒன்றில் தள்ளிவிட்டு அடுத்த இன்வொயிஸுக்குப் போயிருந்தால் நாள் முழுக்கப் பச்சையாக இருந்திருக்கும். மாத முடிவிலும் காலாண்டு முடிவிலும் தேடல் வேலை கூடும் என்பதால், நீங்கள் மிகக் கடினமாக உழைக்கும் கிழமைகளிலேயே உங்கள் எண் மிகவும் கீழே நிற்கும்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், அந்தக் கோபம் நியாயமானது. கண்காணிக்கப்படுவதை விடக் கசப்பானது, பிழையான அளவுகோலால் அளக்கப்பட்டு அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பும் இல்லாமல் இருப்பது. 2022இல் பெர்சனெல் சைக்கொலஜி என்ற ஆய்விதழில், இலத்திரனியல் கண்காணிப்புப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஒரு கட்டுரை வெளிவந்தது. கண்காணிப்பால் வேலைத் திறன் கூடியதற்கு அதில் சான்று கிடைக்கவில்லை. மன அழுத்தம் மட்டும் சற்றுக் கூடியிருந்தது. எதற்காகக் கண்காணிக்கிறார்கள் என்பது வெளிப்படையாகச் சொல்லப்பட்ட இடங்களில் ஊழியரின் மனநிலை அவ்வளவு மோசமாக இருக்கவில்லை. உங்கள் மேலாளரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்கு இது ஒரு திசை காட்டுகிறது.

கேட்பதற்கு முன் இரண்டு கிழமை ஆயத்தம் வேண்டும்.

உங்களிடம் உள்ள மென்பொருள் எதையெல்லாம் எடுக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள். மேலாளர் பார்க்கும் இணையப் பக்கத்துக்குப் பெரும்பாலும் உங்களுக்கும் ஒரு கணக்கு இருக்கும். அதில் நுழைந்து உங்கள் ஒரு நாளைத் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்சொட் இருக்கிறதா, பத்து நிமிடத்துக்கு எத்தனை, தெளிவாகவா மங்கலாக்கியா, இரண்டாவது திரையும் விழுகிறதா, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் என்ற பட்டியல் உண்டா, திறந்த இணையத்தளங்களின் பெயர் விழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விசைகளின் எண்ணிக்கையை எடுப்பதும் அடித்த எழுத்துகளையே எடுப்பதும் மிகவும் வேறானவை. டெராமைண்ட் போன்ற சில மென்பொருள்களில் எழுத்துகளைப் பதியும் வசதி உண்டு. அப்படியானதில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லும் தனிப்பட்ட செய்தியும் போகலாம். எது நிறுவப்பட்டிருக்கிறது என்று சந்தேகமாக இருந்தால் மேலாளரிடம் ஒரே வரியில் கேளுங்கள்: மென்பொருளின் பெயர் என்ன, விசைகளின் எண்ணிக்கை மட்டுமா எழுத்துகளுமா, படங்கள் எத்தனை நாள் சேமிக்கப்படும், யார் யார் பார்ப்பார்கள். இப்படிக் கேட்பதில் எதிர்ப்பு எதுவும் இல்லை, எந்த ஊழியரும் கேட்கக்கூடிய கேள்விதான். எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

பலருடைய பயம் உண்மையில் எடுக்கப்படுவதை விடப் பெரியதாக இருக்கிறது. கமெரா வழியாகப் பார்க்கிறார்களோ, மைக்கில் வீட்டுச் சத்தம் கேட்கிறதோ என்று நினைத்து வீட்டாரைக் கூடப் பேசவிடாமல் இருப்பவர்கள் உண்டு. உங்களிடம் எடுக்கப்படுவது அசைவு வீதமும் பத்து நிமிடத்துக்கு திரையின் ஒரு படமும்தான் என்று தெரிந்தாலே வீட்டில் பாதிப் பதற்றம் இறங்கிவிடும்.

அடுத்தது, ஒரு குறிப்பேடு. எல்லாத் துண்டையும் எழுதத் தேவையில்லை, அப்படி எழுதினால் நீங்களே உங்களுக்கு இரண்டாவது ட்ராக்கர் ஆகிவிடுவீர்கள். நாள் முடிவில் ஒரு தடவை மட்டும் உங்கள் பக்கத்தைத் திறந்து, 40 வீதத்துக்குக் கீழே போன துண்டுகளுக்கு மட்டும் தலா ஒரு வரி எழுதுங்கள்: நேரம், எந்த வாடிக்கையாளரின் எந்தக் கணக்கு, என்ன தேடினீர்கள், என்ன கிடைத்தது. ‘காலை 7.10 முதல் 7.20, பெப்ரவரி வங்கிக் கூற்று, 270 வித்தியாசம், இலக்கம் இடம் மாறியது, திருத்தியாயிற்று.’ இவ்வளவு போதும். அத்தோடு கிழமைக்கு மூன்று எண்கள்: எத்தனை கணக்குகளை இணக்கி முடித்தீர்கள், தீராமல் நிற்கும் வரிகள் எத்தனை, திருத்தச் சொல்லித் திரும்பி வந்தவை எத்தனை. பத்து வேலை நாளில் உங்கள் கையில் ஒரு பக்கச் சான்று இருக்கும்.

இந்த இரண்டு கிழமையிலும் மின்வெட்டு வந்த நேரங்களைத் தனியாகக் குறியுங்கள். கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலும் லப்டொப் பற்றரியில் ஓடுமானால், ஹப்ஸ்டாஃப் போன்றவை தொடர்ந்து பதிந்து வைத்து இணைப்பு வந்ததும் அனுப்பிவிடும். நேரம் காணாமற்போனது என்று பதறி மென்பொருளை மூடித் திறப்பதோ லப்டொப்பை மறுதொடக்கம் செய்வதோ வேண்டாம், விட்டுவிடுங்கள். ஆனால் இணையத்தில் இயங்கும் கணக்கு மென்பொருளில் அந்நேரம் எதுவும் செய்ய முடியாது என்பதால் அசைவு விழுந்துவிடும். மின்வெட்டு நேரத்தைக் குறித்து வைத்திருந்தால் ஒரே வரியில் விளக்கிவிடலாம்.

இனி மேலாளருக்கு எழுதுவது. ட்ராக்கரை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றே பதில் வரும், அதன் பிறகு கதவும் மூடிவிடும். அளவுகோலை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். கடிதம் அரைப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, மனவருத்தத்தையும் அதில் வைக்க வேண்டாம். முதல் பந்தியில் உங்கள் உற்பத்தி: இந்த இரண்டு கிழமையில் இத்தனை கணக்கு முடிந்தது, திரும்பி வந்தது இத்தனை. இரண்டாவது பந்தியில் ஒரே ஒரு துண்டு, அந்த 16 வீதத் துண்டு: இந்தப் பத்து நிமிடத்தில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்தேன், உங்கள் பக்கத்தில் அது சிவப்பாக இருக்கிறது. மேலாளர் தன் திரையில் அதே நேரத்தைத் திறந்து தானே பார்க்கலாம். எந்த வாதத்தையும் விட இது வலுவானது. மூன்றாவது பந்தியில் கோரிக்கைகள்.

முதல் கோரிக்கை, என்னை மதிப்பிடும்போது கிழமை உற்பத்தியையும் பிழை எண்ணிக்கையையும் முதலில் பாருங்கள், வீதத்தை அதற்குப் பிறகு பாருங்கள் என்பது. இரண்டாவது, தேடல் வேலைக்கு ட்ராக்கரில் தனி வேலைப் பெயர் ஒன்று திறந்து தரச் சொல்வது. அநேகமாக எல்லாவற்றிலும் வேலைகளைப் பெயரிட்டுப் பிரிக்க முடியும். நீங்கள் தேடத் தொடங்கும்போது அந்தப் பெயருக்கு மாறுவீர்கள், அந்த நேரத்துக்கு 60 என்ற எல்லை பொருந்தாது. மேலாளருக்கும் இது பயன்தான், எந்த வாடிக்கையாளரின் கணக்கு அதிக நேரம் தின்கிறது என்பது தெரியவரும். மூன்றாவது, அசைவில்லா நேர எல்லை. ஐந்து நிமிடம் கை படாவிட்டால் ‘இருக்கிறீர்களா’ என்று பெட்டி வரும்படி வைத்திருந்தால் அதை இருபதாக்கச் சொல்லுங்கள். நிர்வாகியின் அமைப்பில் ஒரு சொடுக்கில் முடியும் வேலை அது. உங்கள் பாத்ரூம் பயத்தின் வேர் பெரும்பாலும் இந்த ஒரே அமைப்புத்தான்.

நான்காவது ஒன்று இருக்கிறது. பணிவாக, ஆனால் கட்டாயம் எழுதுங்கள். ஸ்கிரீன்சொட் தெளிவாக எடுக்கப்படுமானால், உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களின் வங்கிக் கூற்றும் சம்பளப் பட்டியலும் வரிக் கோப்பு எண்களும் மூன்றாம் தரப்பு ஒன்றின் சேவையகத்தில் படங்களாகக் குவிந்துகொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் தனிநபர் வரிக் கோப்பு எண்ணைச் சேமிப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் தனியான சட்ட விதி உண்டு. கணக்காளர் நிறுவனம் எதுவும் அதை அறியாமல் இருக்காது. ‘வாடிக்கையாளர் தகவல் படங்களில் விழுகிறது, படங்களை மங்கலாக்கலாமா அல்லது நிறுத்தலாமா’ என்று கேளுங்கள். மங்கலாக்கும் வசதி ஹப்ஸ்டாஃபிலேயே இருக்கிறது. உங்கள் அந்தரங்கத்துக்காகக் கேட்டால் கவனிக்காதவர், தன் சட்டப் பொறுப்பு என்றதும் அன்றே கவனிப்பார். விளைவு இருவருக்கும் ஒன்றுதான்.

நிறுவனம் சிட்னியில் இருந்தால் இன்னொன்றும் சொல்லலாம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 2005ஆம் ஆண்டு வேலைத்தலக் கண்காணிப்புச் சட்டப்படி, கணினிக் கண்காணிப்பைத் தொடங்குவதற்கு 14 நாள் முன்னதாக ஊழியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அது அங்குள்ள ஊழியருக்கான சட்டம், திருகோணமலையில் இருக்கும் உங்களுக்கு அதை வைத்து வழக்குப் போட வழியில்லை. ஆனால் ‘உங்கள் ஊர் ஊழியருக்குக் கொடுக்கும் அதே அறிவித்தலை எனக்கும் தாருங்கள்’ என்று கேட்பது நியாயம்.

இலங்கைப் பக்கம் உங்கள் நிலை, நீங்கள் யாரிடம் சம்பளம் வாங்குகிறீர்கள் என்பதில் தங்கியிருக்கிறது. இங்கே பதிவான ஒரு நிறுவனம் ஈபிஎஃப் கட்டி உங்களை வேலைக்கு வைத்திருந்தால் 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சம்பளத்தில் நினைத்தபடி கழிக்க முடியாது. ‘அசைவில்லா நேரம்’ என்று சொல்லி நிமிடங்களை வெட்டிச் சம்பளம் தந்தால், சம்பளச் சீட்டையும் ட்ராக்கர் பக்கத்தின் பிரதியையும் எடுத்துக்கொண்டு திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம். நேரடியாக வெளிநாட்டுக்குப் பில் போட்டு டொலரில் வாங்குபவராக இருந்தால் ஒப்பந்தம்தான் உங்கள் சட்டம். அதில் ‘பதிவான நேரத்துக்குக் கொடுப்பனவு’ என்றிருக்கிறதா, ‘செயலில் இருந்த நேரத்துக்கு’ என்றிருக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள், அந்த ஒரு சொல்லில் பணம் இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது, ஆனால் அதன் முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. அதைக் கடிதத்தில் மேற்கோள் காட்டாமல் இருப்பதே நல்லது.

வெளிநாடுகளில் இந்த எண்ணை அதிகாரிகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. 2024 டிசம்பரில் பிரான்ஸின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு நிறுவனத்துக்கு 40,000 யூரோ அபராதம் விதித்தது. அங்கும் 3 முதல் 15 நிமிடம் கீபோட், மவுஸ் அசையாவிட்டால் ‘செயலற்ற நேரம்’ என்று பதிந்து, ஊழியர் காரணம் சொல்லாவிட்டாலோ ஈடு செய்யாவிட்டாலோ சம்பளத்தில் வெட்டலாம் என்ற ஏற்பாடு. கூட்டம், தொலைபேசி அழைப்பு போன்று கணினியைத் தொடாமல் செய்யும் வேலையும் வேலைதான், ஆகவே இந்த அளவு வேலை நேரத்தைச் சரியாகக் காட்டாது என்பதே ஆணையத்தின் நிலைப்பாடு. உங்கள் 270 டொலர் தேடலுக்கும் அதே நியாயம் பொருந்தும்.

மவுஸ் அசைக்கும் கருவி, மென்பொருள் பற்றி உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். வாங்க வேண்டாம். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல், கீபோட் அசைவைப் போலியாகக் காட்டியதற்காகப் பத்துப் பேருக்கு மேல் வேலையில் இருந்து நீக்கியது. கண்டுபிடிப்பதும் கடினமில்லை: மவுஸ் அசைவு 100 வீதம், விசை பூச்சியம், அடுத்தடுத்த படங்களிலும் திரை அப்படியே மாறாமல். இப்படிப்பட்ட வழக்கத்துக்கு மாறான பதிவைக் கொடி காட்டும் வசதி இப்போது ட்ராக்கர்களிலேயே இருக்கிறது. அகப்படுவதை விடப் பெரிய நட்டம், உங்கள் பக்கத்தில் உள்ள உண்மையான சான்றும் அத்தோடு மதிப்பிழந்துவிடும். 16 வீதத் துண்டை நேர்மையாகக் காட்டி விளக்குபவரின் பேச்சுக்குத்தான் எடை.

கண்காணிப்பு இறுகினால் மனிதர் இப்படித்தான் நடக்கத் தொடங்குவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கண்காணிக்கப்படும் ஊழியர்கள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்வதும், அனுமதியில்லாமல் இடைவேளை எடுப்பதும் கூடுகிறது என்று ஓர் ஆய்வு காட்டியது. தன் செயலுக்குத் தான் பொறுப்பு என்ற உணர்வு அவர்களிடம் குறைவதையே அந்த ஆய்வாளர்கள் காரணமாகச் சொன்னார்கள். ‘எப்படியும் சிவப்புத்தானே, ஏன் கவனமாகச் செய்ய வேண்டும்’ என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றினால், அது உங்கள் குணம் கெட்டதன் அடையாளம் ஆகாது. அளவுகோல் அந்த வேலையைச் செய்கிறது.

இனி உடம்பும் மனமும். சிட்னி நேரம் காலை ஒன்பதுக்கு வேலை தொடங்குவதென்றால் எங்களுக்கு அதிகாலை 4.30. ஒக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை அங்கே கடிகாரத்தை முன்தள்ளுவதால் 3.30. ஏற்கெனவே தூக்கம் குறைந்த உடம்பில்தான் அந்தச் சிவப்பு வந்து விழுகிறது. அதிகாலையில் கண்ட ‘நேற்று 56’ என்ற மெசேஜுக்கு அந்நேரமே பதில் எழுத வேண்டாம். இடைவேளையில், குறிப்பேட்டைப் பார்த்து, இரண்டு வரியில் எழுதுங்கள்.

மேசை மூலையில் வீதத்தைக் காட்டிக்கொண்டே நிற்கும் சிறிய பெட்டியை மறைத்துவிடுங்கள். பெரும்பாலானவற்றில் சுருக்கி வைக்கலாம், முடியாவிட்டால் வேறு ஜன்னலால் மூடலாம். எண்ணைப் பார்ப்பது நாளில் ஒரு தடவை, வேலை முடிந்து குறிப்பு எழுதும்போது மட்டும். இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வதில்லை. எண் 58 ஆவதைப் பார்த்தவுடன் கை தானாக மவுஸை ஆட்டும், எண் ஏறும், மனம் இறங்கும். அந்தச் சின்ன நிம்மதிதான் அடுத்த நிமிடம் மறுபடி பார்க்க வைக்கிறது. ஒரு நாளில் நூறு தடவை இது நடந்தால், படுத்த பிறகும் எண் கண்ணுக்குள் நிற்பதில் வியப்பில்லை. முதல் மூன்று நான்கு நாள் பார்க்காமல் இருப்பது இன்னும் பதற்றமாகத்தான் இருக்கும். அது கடந்து போகும், போகும் வரை பொறுங்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைக்க வேண்டாம். பாத்ரூம் போகப் பயந்து தண்ணீரை நிறுத்துபவர்கள் இந்த வேலையில் நிறைய. திருகோணமலை வெயிலில், மின்விசிறி நின்ற அறையில், அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடலாம். ஐந்து நிமிட நடை ஒரு பத்து நிமிடத் துண்டில் பாதியைத் தின்னும். ஆனால் 48 துண்டில் ஒன்றைப் பாதியாக்கினால் நாள் சராசரி ஒரு புள்ளிகூடக் குறையாது. 73இல் பாதி 36 என்று எடுத்தால், 37 புள்ளியை 48ஆல் வகுக்க 0.8 வீதம். நாளுக்கு மூன்று தடவை போய் வந்தால் 2.3 வீதம். உங்கள் சிவப்புக்குக் காரணம் பாத்ரூம் இல்லை, தேடல் வேலை. அந்தக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள்.

நெஞ்சுப் படபடப்பு, தூக்கமின்மை, சாப்பாட்டில் வெறுப்பு ஆகியவை இரண்டு கிழமைக்கு மேல் விடாமல் இருந்தால், அல்லது வேலை இல்லாத நாளிலும் ட்ராக்கர் ஓடுவது போலத் தோன்றினால், மருத்துவரைப் பாருங்கள். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார்கள். வெளியே போக மனமில்லாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

லப்டொப் உங்கள் சொந்தமானதா? அப்படியானால் விண்டோஸில் வேலைக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று திறந்து ட்ராக்கரை அதில் மட்டும் பயன்படுத்துங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கணக்கில் இருந்து முழுமையாக வெளியேறுங்கள், திரையைப் பூட்டுவது போதாது. வேலைக் கணக்கில் வட்ஸ்அப், சொந்த வங்கி, குடும்பப் படங்கள் எதுவும் திறக்க வேண்டாம், அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். படம் எடுக்கும் நொடியில் திரை மூலையில் எழும் செய்தியும் சேர்ந்து விழும். ஆனால் நிறுவனமே நிர்வாகி உரிமையோடு மறைவாக நிறுவிய மென்பொருள் எல்லாக் கணக்கிலும் ஓடக்கூடியது, அதற்கு இந்தத் தடுப்பு உதவாது. அப்படியானால் வேலைக்கு வேறு கணினி கேட்க வேண்டும்.

கடிதம் அனுப்பிப் பத்து வேலை நாள் பொறுங்கள். நான்கு கோரிக்கையில் அசைவில்லா நேர எல்லையும் தனி வேலைப் பெயரும் கிடைப்பது எளிது, அவை கிடைத்தாலே நாளின் நிறம் மாறிவிடும். எதுவும் கிடைக்கவில்லை, சான்றைப் பார்த்த பிறகும் வீதத்தை வைத்தே மெசேஜ் வருகிறது என்றால், அந்த இடத்தில் உங்கள் திறமைக்கு அளவுகோல் இல்லை என்று எடுத்துக்கொண்டு, வேலையில் இருந்தபடியே வேறு இடம் தேடத் தொடங்குங்கள். கிழமைக்கு இத்தனை கணக்கு, திரும்பி வந்தது இத்தனை என்ற உங்கள் குறிப்பேட்டு எண்கள், வாடிக்கையாளர் பெயர்களை நீக்கிய பின், அடுத்த நேர்முகத்தில் சொல்லத் தகுந்தவை. கணக்குக்கு இத்தனை என்று கட்டணம் பேசும் நிறுவனங்களையும் தேடுங்கள், அங்கே அசைவைப் பார்க்க யாருக்கும் காரணம் இருக்காது. விலகும்போது கடைசி நேரப் பதிவுகளையும் பில்களையும் பிரதி எடுத்து, கொடுப்பனவு கணக்கில் விழுந்த பிறகு மென்பொருளை நீக்குங்கள். விண்டோஸ் மறுதொடக்கத்துக்குப் பின் `Task Manager` திறந்து அது ஓடவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, உங்கள் ஸ்கிரீன்சொட்களை அழிக்கும்படி எழுத்தில் கேளுங்கள்.